வெறும் வயிறு

குற்றாலத்தில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்று முடிவு வந்தால் எந்த டாக்டருக்குத்தான் தலை சுற்றாது? 1964 மார்கழியில் மாதர் சங்கம் நடத்திய ரத்தப் பரிசோதனை முகாமில் அதுதான் நடந்தது. வெறும் வயிற்றோடு வந்த அறுபது பேரில் முப்பத்தொரு பேருக்கு அளவு எகிறிக் கிடந்தது.

"வயித்துல எதையோ போட்டுட்டு வந்திருக்காங்க. நீங்க சரியாச் சொல்லல," என்றார் டாக்டர் முத்துக்குமாரசாமி.

மாதர் சங்கத்து ஜெபமலர் டீச்சருக்கு முகம் செத்துவிட்டது. முகாமுக்கு முந்தின நாள் சாயங்காலம் கூட்டத்தில் நின்று, டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை எழுத்து பிசகாமல் வாசித்தவள் அவள்தான். 'இரவு உணவுக்குப் பின் பத்து மணி நேரம் எவ்வித உணவும் உட்கொள்ளலாகாது. நீர் அருந்தலாம்.' இதற்கு மேல் என்னத்தைச் சொல்ல?

மற்றவர்கள் போகட்டும். பூக்காரி செண்பகவல்லியை நினைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோக்கக்கூட பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. திருநெல்வேலியில் தை மாசம் ஆபரேஷனுக்கு இடம் இருக்கிறது. ஆனால் நூற்று எழுபது சர்க்கரையோடு கண்ணில் கத்தி வைத்தால் புண் ஆறாது, அனுப்ப மாட்டேன் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் இன்னொரு முறை பார்ப்பாராம். அதிலும் ஏறியிருந்தால் அடுத்த வருஷம்தான்.

ஜெபமலர் நேரே பூக்கடைக்குப் போனாள். செண்பகவல்லி கதம்பத்தைக் கையால் தடவித் தடவிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, மறைக்காமச் சொல்லுங்க. அன்னைக்கு என்ன சாப்பிட்டிய?"

"ஒண்ணுமில்ல டீச்சரம்மா. குற்றாலநாதர் மேல ஆணையா, பச்சத் தண்ணியத் தவிர பல்லுல படல."

பொய் சொல்லுகிற மூஞ்சி இல்லை அது. ஜெபமலருக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தது. சரி, கேள்வியை மாற்றிப் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"முழிச்சதுலேருந்து முகாமுக்கு வந்த வரைக்கும் என்னென்ன செஞ்சிய? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"நாலு மணிக்கு எந்திரிச்சேன். அருவில குளிச்சேன். கோயிலுக்கு மாலை கொண்டு போனேன். பூசை முடிஞ்சு பிரசாதம் வாங்குனேன். அங்கனேருந்து நேரா முகாமுக்குத்தான்."

"என்ன பிரசாதம்?"

"மார்கழில வேற என்ன? சக்கரப் பொங்கல். நெய்யி ஒழுக ஒரு கை நிறைய." அவள் சிரித்தாள். "அது சாமி குடுக்கது டீச்சரம்மா. அதப் போயி சாப்பாடுன்னு யாராவது சொல்லுவாங்களா?"

ஜெபமலர் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஊரே விடியுமுன் கோயிலில் நின்று, பொங்கலை வாயில் போட்டுக்கொண்டு, கையைத் துடைத்தபடி முகாமுக்கு நடந்து வந்திருக்கிறது. ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. மாதா கோயிலுக்குப் போகிறவளுக்கு அது தோன்றவும் இல்லை.

"பிரசாதத்த வேண்டாம்னு சொல்லலாமா?" என்று தயங்கிக் கேட்டாள்.

"அய்ய, அது பாவம்லா. வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு எலையில மடிச்சு வச்சுக்கிடலாம். ரத்தம் எடுத்த பொறவு தின்னா சாமி கோச்சுக்கிட மாட்டாரு."

அன்று ராத்திரி டாக்டரின் தாளை ஓரம் கட்டிவிட்டு ஜெபமலர் புதுசாக எழுதினாள். சனிக்கிழமை கூட்டத்தில் வாசிக்கக்கூட இல்லை, பேசினாள்.

"ராத்திரி ஒம்போது மணிக்குள்ள சாப்பிட்டு முடிச்சிருங்க. காலைல கருப்பட்டிக் காப்பி வேண்டாம், பழைய சோத்து நீத்தண்ணி வேண்டாம், வெத்தில வேண்டாம், பீடியும் வேண்டாம். பச்சத் தண்ணி எவ்வளவும் குடிங்க. பொங்கல் வாங்குங்க, எலையில மடிங்க, முகாமுக்குக் கொண்டாங்க. ஊசி போட்டு ரத்தம் எடுத்ததும் அங்கனேயே உக்காந்து தின்னுங்க. மறந்து தின்னுட்டா வெக்கப்படாம எங்கிட்ட சொல்லிருங்க, இன்னொரு நாள் பாத்துக்கிடலாம்."

"பொங்கல் ஆறிப் போயிருமே," என்றார் சோடாக்கடை பிச்சையா. கூட்டம் சிரித்தது. ஜெபமலரும் சிரித்தாள்.

ஞாயிறு காலையில் முகாம் பெஞ்சு நெடுக வாழையிலைப் பொட்டலங்கள். ரெண்டு பேர் வந்து, மறந்து தின்றுவிட்டோம் என்று அவர்களே சொல்லித் திரும்பிப் போனார்கள். மதியம் தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து முடிவு வந்தது. இந்தத் தடவை ஏறியிருந்தது ஆறே பேருக்கு. பிச்சையா அதில் ஒருவர். டாக்டர் அவரை உட்கார வைத்து, பயப்பட ஒன்றுமில்லை, இப்பவே தெரிந்தது நல்லதாப் போச்சு என்று சாப்பாட்டு முறையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

செண்பகவல்லிக்குத் தொண்ணூற்று நான்கு.

டாக்டர் ஆபரேஷனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். செண்பகவல்லி அதை மூக்கு நுனிவரை கொண்டுபோய்ப் பார்த்தாள், தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள்.

"டீச்சரம்மா, என் பேரு இதுல எங்கன இருக்கு?"

ஜெபமலர் அவள் விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தாள். செண்பகவல்லி விரலை எடுக்கவே இல்லை.

"இருக்கட்டும். வாசிக்காதிய. கண்ணு தெரிஞ்சதும் இந்தக் கடுதாசிய ஆஸ்பத்திரிக்காரங்ககிட்டேருந்து திருப்பி வாங்கிட்டு வந்து, நானே வாசிச்சுக் காட்டுதேன்."