சாவிக்கடை வெள்ளிவிழாச் செய்தி

கடை திறந்து இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது என்பதே சாவிக்காரருக்கு ஞாபகம் இல்லை. பக்கத்துக் கடை டைப்பிங்காரம்மாதான் அதை எடுத்துச் சொன்னாள். அந்தத் தெருவில் யாருக்குப் பத்திரிகையில் செய்தி வரவேண்டும் என்றாலும் அவள் கைதான் தட்டச்சு செய்யும். மருந்துக்கடைத் திறப்பு, தையல் பள்ளி ஆண்டுவிழா, எல்லாம் அவள் உபயம்.

"எனக்கு இருக்கிற தலைவலியில இது வேறயா?" என்றார் அவர்.

தலைவலி சும்மா சொன்னதில்லை. ஒரே மகள், அவளுக்கு ஒரு கைக்குழந்தை. அவளைக் கட்டியவன் வேறு யாருமில்லை, இவருடைய கடையிலேயே வருஷக்கணக்கில் தொழில் கற்றவன். சூட்டிகையான கை, அதே கை கல்யாணத்துக்குப் பிறகு மகள் மேல் விழ ஆரம்பித்தது. போன மாதம் அவள் அவனை வீட்டைவிட்டு வெளியே தள்ளினாள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தும் ஆயிற்று. அவன் ஊரின் இன்னொரு மூலையில் ஒரு சாவிக்கடையில் சேர்ந்துகொண்டான். போகும்போது வாசலில் நின்று கத்தவில்லை, கெஞ்சவில்லை. "என்ன பூட்டு வேணா போட்டுக்க. எனக்குக் கத்துக்குடுத்தது உங்கப்பாதான்" என்று சிரித்துவிட்டுப் போனானாம். அந்தச் சிரிப்புதான் கிழவரைத் தூங்கவிடவில்லை.

அதனால்தான் கடையிலேயே உசத்தியான பூட்டை எடுத்துப்போய் மகள் வீட்டு முன்கதவில் பொருத்தினார். கம்பி விட்டு நெம்பித் திறக்கிற கதையெல்லாம் அதனிடம் நடக்காது. அவருக்கே முடியாது, அவனுக்கு எங்கே முடியும்? கூட வந்த இரண்டு சாவியில் ஒன்று மகளிடம். மற்றதை மூலமாக வைத்துத் தன்னிடம் ஒரு நகல் இருக்கட்டும் என்று வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் டைப்பிங்காரம்மா கேமராவோடு வந்து நின்றாள்.

"அண்ணே, பேப்பர் ஆபீஸ்ல பேசிட்டேன். இருபத்தஞ்சு வருஷம்கிறது உங்களுக்குத்தான் பெரிசு, படிக்கிறவனுக்கு அதுல என்ன இருக்குன்னு கேக்கறாங்க."

"அதானே. என்ன இருக்கு?"

"ஏதாவது இருக்கணும்ணே. ஞாயித்துக்கிழமை காலையில தனியா இருக்கிற வயசானவங்களுக்குப் பூட்டை இலவசமா சரிபாத்துக் குடுக்கறோம்னு சொல்லுவோம். தேதி, நேரம், இடம் எல்லாம் வந்துடும். அப்பத்தான் அது செய்தி. இல்லேன்னா விளம்பரம், காசு கட்டுன்னுடுவாங்க."

பொம்பளை கெட்டிக்காரி, சந்தேகமே இல்லை. 'பாசமிகு', 'புகழ்பெற்ற' என்று அவர் சேர்க்கச் சொன்னதையெல்லாம் ஈவிரக்கம் இல்லாமல் வெட்டினாள். முதல் வரியிலேயே யார், என்ன, எங்கே, எப்போது எல்லாம் வந்துவிட வேண்டும். இடம் போதாவிட்டால் அவர்கள் வாலிலிருந்துதான் நறுக்குவார்கள் என்றாள். அடியில் விசாரிக்க ஒரு போன் நம்பர். நடுவில் அவர் வாயால் சொன்னதாக ஒரு வாக்கியம்.

"நான் என்னத்தைச் சொல்ல? என் மக வீட்டுக்கு வெட்டற மாதிரிதான் எல்லார் வீட்டுக்கும் வெட்டறேன். அவ்வளவுதான்."

"அடடா! இதைவிட என்ன வேணும்? அப்படியே போடறேன்."

படத்துக்குச் சட்டை மாற்றிக் கைகூப்பி நின்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கல்யாண போட்டோவா எடுக்கறோம்? வேலை செய்யற மாதிரி இருந்தாத்தான் போடுவாங்க. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க."

அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். வெட்டி முடித்த சாவியையும் மூலச்சாவியையும் சேர்த்து, பல் வரிசை பொருந்துகிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே நீட்டிப் பார்த்தார். எத்தனையோ வருஷப் பழக்கம் அது, கை தானாகப் போகும். பளிச்சென்று அந்த நேரத்தில் அமுக்கினாள்.

"படத்துக்குக் கீழ ஒரு வரி எழுதணும்ணே. யாரோட சாவி அது?"

"என் பொண்ணு வீட்டுதும்மா. புதுப் பூட்டு."

சொன்னபோது மனசுக்குள் ஒரு பெருமை இருந்தது, அதை மறைப்பானேன். அவள் தட்டினாள், படித்துக் காட்டினாள், செய்தியை மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டினாள். படத்தைத் தனியாக இணைத்தாள். "வாட்ஸ்அப்ல அனுப்பினா மங்கிடும். முழு அளவுல அனுப்பினாத்தான் அச்சுல பளிச்னு வரும்" என்று விளக்கமும் கொடுத்தாள். எல்லாம் சரியாகவே செய்தாள், பாவி. ஒரு குறை சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கடை முன்னால் கூட்டம். பெரியவர்கள் பையில் பூட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பத்திரிகை வேறு. 'மகள் வீட்டுச் சாவியைப் போலவே' என்று தலைப்பு. சாவிக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படம் தபால்தலை அளவுக்குத்தான் இருந்தது. தன் மூக்கு மட்டும் பெரிதாக விழுந்திருப்பதாக ஒரு பாட்டியிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"அது அச்சுல. இணையத்துல நேத்து சாயங்காலமே போட்டுட்டாங்களே, பாருங்க" என்று டைப்பிங்காரம்மா போனை நீட்டினாள். இரண்டு விரலால் படத்தை அகட்டினாள். மூக்கு பெரிதாயிற்று. இன்னும் அகட்டினாள். கை, கையில் சாவி, சாவியில் பல்.

சாவிக்காரர் போனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். தட்டையாக, முழுசாக, ஒரு நிழல்கூட விழாமல் அத்தனை பல்லும் தெரிந்தது. எத்தனை ஆழம், எவ்வளவு இடைவெளி என்று அவர் கண் தன்னால் படித்துக்கொண்டே போனது. சாவியைக் கண்ணால் பார்த்தே வெட்டத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். ஒருவர் இங்கே நிற்கிறார். படத்தின் கீழே எழுதியிருந்தது: 'மகள் வீட்டின் புதிய பூட்டுக்குச் சாவி தயாரிக்கிறார்.' அதற்கு மேலே, ஞாயிறு காலை முழுக்க அவர் கடையில் இருப்பார் என்றும் எழுதியிருந்தது.

"அண்ணே, என்னாச்சு? ஏன் இப்படி வேர்க்குது?"

பதில் சொல்ல அவர் அங்கே இல்லை. பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டார். மகளுக்கு போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. கடவுளே, கடவுளே என்று வழி முழுக்க வாய் முணுமுணுத்தது.

மகள் வீட்டு முன்கதவு மூடித்தான் இருந்தது. புதுப் பூட்டில் ஒரு கீறல் இல்லை. தட்டினார். உள்ளே சத்தமே இல்லை. மறுபடி படபடவென்று தட்டினார். உள்தாழ் விலகியது. மகள் ஈரத்தலையில் துண்டோடு நின்றாள். அவளை முழுசாகப் பார்த்ததும் கிழவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏன் பாப்பா போனை எடுக்கல?"

"குளிச்சிட்டிருந்தேன்ப்பா. நீங்க ஏன் மறுபடி முன்பக்கமா வந்து நிக்கறீங்க?"

"மறுபடியா?"

"கொஞ்சம் முன்னாடி சாவி போட்டுத் திறந்தீங்கல்ல? உள்தாழ் போட்டிருந்ததால கதவு வரல. நான் குளிக்கறதுக்குத் தலைல எண்ணெயோட நின்னேன். சுத்திக்கிட்டுப் பின்பக்கம் வாங்கப்பா, அந்தக் கதவு திறந்துதான் கிடக்கு, குழந்தை தூங்குது, சத்தம் போடாதீங்கன்னு உள்ள இருந்தே சொன்னேனே."

அவர் பார்வை வீட்டின் பின்பக்கம் போனது. மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் முகமும் மெல்ல மாறியது.

"நீங்கதானேப்பா வந்தது?"

பின் அறையின் திரை விலகியது.

"வாங்க மாமா. பேப்பர் பாத்தேன். போட்டோ ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றான் மாப்பிள்ளை.

குழந்தை அவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.