மூன்று அலை, பத்து லைட்டு

ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட வந்த சீலிங்காரர் சொன்ன தொகைக்கும் அவள் போட்டு வைத்திருந்த தொகைக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. கையில் மிச்சம் இருபத்தைந்தாயிரம்தான். அதைத் தாண்டினால் வளைவே வேண்டாம், நேராகவே போட்டுவிடலாம் என்று கணவன் கறாராகச் சொல்லிவிட்டான். அவளுக்கோ சீலிங் ஓரத்தில் அலை அலையாகப் போகும் அந்த வளைவு இல்லாத ஹால் ஹாலே இல்லை.

"அண்ணே, பதினெட்டுக்குப் பன்னிரண்டு, இருநூத்தி பதினாறு சதுர அடி. அடிக்குத் தொண்ணூத்தஞ்சு. இதுல பத்து லைட்டு ஓட்டையைக் கழிச்சீங்களா?"

"கழிக்கவா? ஓட்டை ஒண்ணுக்கு அறுபது ரூபா கூட வரும் மேடம்."

"இல்லாத இடத்துக்கு எதுக்குண்ணே காசு?"

"போர்டை முழுசாத்தான் மாட்டுறோம். அப்புறம் ஒவ்வொண்ணா வட்டமா அறுக்கணும். வெட்டி எடுத்த வில்லையை வேணா நீங்களே வெச்சுக்கங்க."

கணவன் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டான்.

"சரி, வளைவு? ஒரு சுவர் ஓரமாத்தானே போகுது, பதினெட்டு அடி?"

"சுவரு பதினெட்டு. வளைவு அப்படி அளக்க மாட்டோம்."

தரையில் அவள் சொன்ன அலையைச் சாக்பீஸால் வரைந்திருந்தார்கள். சீலிங்காரர் அதன் மேலேயே ஒரு நூலை வளைத்து வைத்து, பிறகு நீட்டி அளந்தார். இருபத்தேழு அடி. வளைவு அடிக்கு நூற்றி அறுபது கூடுதல். சுவர் எப்படி ஒரே நிமிடத்தில் ஒன்பது அடி வளர்ந்தது என்று அவள் நூலையே முறைத்தாள்.

பரப்புக்கு இருபதாயிரத்து ஐந்நூற்று இருபது, ஓட்டைக்கு அறுநூறு, வளைவுக்கு நாலாயிரத்து முந்நூற்று இருபது. மொத்தம் இருபத்தைந்தாயிரத்து நானூற்று நாற்பது.

"நானூத்தி நாப்பதுதானேங்க" என்று கணவனிடம் இழுத்தாள்.

"தாண்டினா தாண்டினதுதான். வேணும்னா எட்டு லைட்டை எடுத்துடு."

"ரெண்டு லைட்ட வெச்சுக்கிட்டு? அலையைத் தடவிப் பாத்தா தெரிஞ்சுக்கிறது?"

இப்போது சிரித்தது சீலிங்காரர்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓட்டை போட்டால் ஏறுகிறது, வளைத்தால் ஏறுகிறது, இந்த வீட்டில் எதுதான் இறங்கும்? "அண்ணே, நேரா போற இடத்துக்கும் கூடுதல் உண்டா?"

"நேர் ஓரம் சதுர அடி ரேட்டுலயே அடங்கிடும்."

அவள் கண் சாக்பீஸ் கோட்டில் நின்றது. மூன்று அலை, ஒவ்வொன்றும் ஒன்பது அடி. துணியை எடுத்து ஓர் அலையை அழித்தாள். மிஞ்சியது பதினெட்டு அடி வளைவு.

"இப்ப போடுங்க."

அவர் மனக்கணக்காகவே போட்டார். "சரியா இருபத்தி நாலாயிரம்."

கணவன் தலையாட்டினான். ஆனால் அவள் அழித்தது நடு அலையை. அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, நடுவில் மொட்டையாக ஆறு அடி. அழகா, அசிங்கமா? தலையைச் சாய்த்துப் பார்த்தாள், எழுந்து நின்று பார்த்தாள், சோபாவில் ஏறியும் பார்த்தாள்.

"மேடம், ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிங்கண்ணே" என்றாள், இன்னும் சோபா மேலேயே நின்றபடி. "எனக்குப் புடிச்சிருக்கான்னு மேல மாட்டினப்புறம் பாத்துக்கலாம்."