முதல் வரி

ஏழெட்டு மாதமாகவே கம்ப்யூட்டர் மிஸ்ஸுக்கு அந்த அறையில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. பட்டப்பகல்தான், வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனாலும் கீபோர்டில் கை வைத்த மாத்திரத்தில் வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். திரும்பினால் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். கணவரிடம் சொன்னாள். "கண்ணாடியை மாத்து"ன்னு சொல்லிவிட்டார் மனுஷன். அவருக்கென்ன!

நிற்பது யார் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. போன வருஷம் அரசாங்க விடுதிப் பள்ளிக்கு நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்தபோது வந்து நின்ற ஒல்லிக்குச்சிப் பெண். "மிஸ், பேப்பர் எல்லாத்தையும் வெச்சு நானே கூட்டினேன். நானூத்தி அறுபத்தி மூணு வருது. லிஸ்ட்ல என் பேரு இல்லையே?" என்று கேட்டாள். அன்று மிஸ்ஸுக்கு வேலை தலைக்கு மேல். "கம்ப்யூட்டர் தப்பா கூட்டாதும்மா. நீதான் எங்கேயோ தப்பு பண்ணியிருப்பே, போ." அவள் போனாள். பள்ளியை விட்டே போய்விட்டாள்.

இந்த வருஷமும் அதே வேலை வந்தது. ஆபீஸ் கிளார்க் மார்க் ஃபைலை அனுப்பினார். வரிக்கு ஒரு பிள்ளை: வரிசை எண், பெயர், ஐந்து பாடத்து மார்க், நடுவில் காற்புள்ளி. சி.எஸ்.வி. என்பார்களே, அந்த ரகம். அதைப் படிக்க மிஸ் மூன்று வருஷத்துக்கு முன்னால் பைத்தானில் பன்னிரண்டு வரி எழுதி வைத்திருந்தாள். ஃபைலைத் திற, தலைப்பு வரியைத் தாண்டு, ஒவ்வொரு வரியிலும் மார்க்கை எண்ணாக மாற்றிக் கூட்டு, பெரிசிலிருந்து சின்னதாக அடுக்கு, மேலே நாற்பதை எடு. அவ்வளவுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் கூட.

இந்தத் தடவை என்னமோ தோன்றி, எத்தனை பேரைக் கூட்டியது என்று காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்தாள். இருநூற்றி எண்பத்தைந்து என்றது. பதிவேட்டில் இருநூற்றி எண்பத்தாறு.

அடக் கடவுளே, யாரைக் காணோம்?

ஃபைலைத் திறந்தாள். மேலே 'எண், பெயர், தமிழ்' என்று தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் நேராக ஒன்றாம் எண் பையனின் பெயரும் மார்க்கும் இருந்தன. கிளார்க் தலைப்பே போடவில்லை. இவள் புரோகிராமோ வழக்கம்போல முதல் வரியைத் தலைப்பு என்று நினைத்துத் தாண்டிவிட்டது. ஒரு பிழைச் செய்தி கிடையாது. பையனை முழுங்கிவிட்டுச் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

மிஸ் போன வருஷ ஃபைலைத் தேடித் திறந்தாள். அதிலும் தலைப்பு இல்லை. முதல் வரியில் அந்தப் பெண்ணின் பெயர்.

தாண்டச் சொல்லும் வரியை அழித்துவிட்டு ஓட்டினாள். நானூற்றி அறுபத்து மூன்று. ஒன்பதாவது இடம். நாற்பதாவதாக உள்ளே போனவன் நானூற்றி நாற்பத்தொன்று.

"நான் பாவி, நான் பாவி" என்று வாய்விட்டே சொன்னாள்.

தலைமையாசிரியை முதலில் பூசி மெழுகத்தான் பார்த்தாள். "முடிஞ்சு போனதை ஏன் கிளறுறீங்க?" மிஸ் நகரவே இல்லை. "தப்பு என்னுதுன்னு எழுதித் தரேன் மேடம். அந்தப் பொண்ணுக்கு சீட்டு வேணும்." விடுதிப் பள்ளிக்குக் கடிதம் போனது. பத்து நாள் கழித்து, இந்த வருஷம் கூடுதலாக ஓர் இடம் தருவதாகப் பதிலும் வந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மத்தியானம் பஸ் நிலையத்தருகே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். அங்கேதான் அந்தப் பெண் வேலைக்கு நிற்கிறாள் என்று விசாரித்து வைத்திருந்தாள்.

மிஸ் எல்லாவற்றையும் சொன்னாள். புரோகிராம் தாண்டியது, தான் பார்க்காமல் விட்டது, தான் பேசிய பேச்சு. "நீ கூட்டினதுதாம்மா சரி. என்னை மன்னிச்சிடு."

அழுவாள், திட்டுவாள் என்று பார்த்தால் அவள் கடிதத்தைப் படித்துவிட்டு மிஷின் மேல் வைத்தாள்.

"அப்பா அன்னிக்குக் கேட்டாரு மிஸ், கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா, நீ பொய் சொல்றியான்னு. நான் பொய் சொல்லலைப்பா, எனக்குக் கூட்டத் தெரியலைன்னு சொல்லிட்டேன்."

"நிஜமா அப்படியே நினைச்சியாடா?"

"ஆமா மிஸ்."

அதற்குள் ஒரு பெரியவர் தன் பிரதிகளைக் கேட்டு அவசரப்படுத்தினார். அவள் எண்ணினாள். பதினெட்டு. திரும்ப எண்ணினாள். பதினெட்டு. மறுபடி முதல் தாளிலிருந்து ஆரம்பித்தாள். "ஏம்மா, பொழுது விடிஞ்சிடும்" என்றார் பெரியவர்.

மிஸ் அவள் கையைப் பிடித்தாள். "பதினெட்டுதான் கண்ணு. சரியாத்தான் இருக்கு, குடு."

"நீங்க சொன்னா சரிதான் மிஸ்" என்றாள் அந்தப் பெண். சொல்லிக்கொண்டே நான்காவது தடவை எண்ண ஆரம்பித்தாள்.