நூற்று எண்பத்தைந்து யூனிட்

எங்கள் வீட்டில் மின்சார பில் வருகிற நாளில் மாடிக்காரர் இறங்கி வருவார். மாடிக்காரர் என்பது என் கணவரின் அண்ணன். மாடியில் அவர் குடும்பம், கீழே நாங்களும் மாமனாரும். இரண்டு தளத்துக்கும் ஒரே மீட்டர். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எங்களுக்குள் ஒரு சண்டை நிச்சயம்.

சண்டைக்குக் காரணம் மாமாவின் ஆக்சிஜன் மிஷின். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலமாரி உயரத்துக்கு நின்றுகொண்டு, காற்றை இழுத்து, வடிகட்டி, மூக்குக் குழாயில் அனுப்பும். மாமாவின் நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது. இரவும் பகலும் மிஷின் ஓட வேண்டும், கழற்றினால் இதயம்தான் அடி வாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாடகை மிஷின். வாடகை எங்களுடையது, கரண்ட் மட்டும் இரு வீட்டுக்கும் பொது.

"சோலார் போட்டா பில்லே வராதுன்னு சொல்லித்தானே என் தலையில பாதி செலவக் கட்டுனீங்க? இந்த மிஷின் ஒண்ணே பாதியத் தின்னுருது" என்பார் மாடிக்காரர். அதுவும் மாமா கட்டிலில் உட்கார்ந்திருக்க, அவர் எதிரிலேயே நின்று சொல்வார். என் கணவர் அண்ணன் எதிரில் வாய் திறக்க மாட்டார். செல்போனைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வேன். மாமா ஒன்றும் பேச மாட்டார். அவருக்கு ஒரு வாக்கியம் பேசவே இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

சோலார் போட்டவர் வந்த அன்று மாமாதான் துருவித் துருவிக் கேட்டார். "பகல்ல தகடு தயாரிக்கிறதுல வீட்டுக்குத் தேவையானது போக, மிச்சம் வெளிய போகும். அது எக்ஸ்போர்ட். ராத்திரி வெளியேருந்து வாங்குறது இம்போர்ட். ரெண்டையும் கழிச்சுப் பாப்பாங்க. நாம அனுப்புனது அதிகமா இருந்தா, அந்த யூனிட் அடுத்த பில்லுக்கு இருப்பா ஏறும்" என்று அவர் விளக்கினார். மாமா தலையாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பில்லுக்கும் "இருப்பு ஏதாச்சும் சேந்துச்சா?" என்று கேட்பார். வேறு பொழுதுபோக்கு இல்லை, கேட்டுவிட்டுப் போகட்டும் என்று நினைத்தோம்.

பல பில்களுக்கு ஒன்றும் சேரவில்லை. எழுபது, எண்பது யூனிட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு பில்லில் திடீரென்று எண்பத்தெட்டு யூனிட் இருப்பு வந்தது. கட்ட வேண்டிய தொகை வெறும் நிலைக்கட்டணம். மாடிக்காரர் முதல் முறையாகச் சிரித்தபடி மாடி ஏறினார். அடுத்த பில்லில் இருப்பு நூற்று எண்பத்தைந்தாக நின்றது.

எனக்கு அந்தக் கணக்கு உதைத்தது. நான் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். காரணம் தெரியாமல் வருகிற லாபத்தை நான் நம்ப மாட்டேன். அதே ஆட்கள், அதே ஃபேன், அதே ஃபிரிஜ், அதே மிஷின். யூனிட் எங்கிருந்து மிச்சமாகும்?

மாடிக்காரருக்கும் சந்தேகம் வந்தது, வேறு விதமாக. "ரீடிங்கத் தப்பா ஏத்திருப்பான். ஆறு மாசம் கழிச்சு அபராதத்தோட சேத்து வசூலிப்பான். நீயே போய் பாத்துட்டு வந்துரு" என்றார். எனக்கு அது ஒன்றுதான் குறைச்சல். அந்த வாரம் மாமாவின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. விரல் நுனியில் மாட்டிப் பார்க்கிற கருவியில் ஆக்சிஜன் எண் இறங்கிக்கொண்டே போனது. "மிஷின் முழு நேரமும் ஓடுதுல்ல?" என்று டாக்டர் கேட்டார். ஓடுகிறது என்றோம். "அப்படியும் இப்படின்னா, நோய் முத்திருச்சுன்னுதான் அர்த்தம்" என்றார். என் கணவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மின் அலுவலகத்துக்குப் போனேன். பில்லிங் பிரிவில் கழுத்துப் பட்டை போட்ட ஒரு அம்மா இருந்தார். கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்போடு திரும்பிப் பேசினார். மீட்டர் படம் எடுத்திருந்த என் செல்போனை வாங்கிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எக்ஸ்போர்ட் இப்ப ஒம்பதாயிரத்து முன்னூத்திப் பதினஞ்சு. போன தடவ எட்டாயிரத்து எழுநூத்தி எழுபது. போனது ஐந்நூத்தி நாப்பத்தஞ்சு. இம்போர்ட் எட்டாயிரத்து அறுபது, போன தடவ ஏழாயிரத்து அறுநூத்திப் பன்னெண்டு. வந்தது நானூத்தி நாப்பத்தெட்டு. கழிச்சா தொண்ணூத்தேழு மிச்சம். பழைய இருப்பு எம்பத்தெட்டு. கூட்டுங்க."

"நூத்தி எம்பத்தஞ்சு."

"படமும் பில்லும் ஒத்துப்போகுது. எங்க பக்கம் தப்பு இல்லம்மா. இன்னொண்ணும் சொல்லிர்றேன். இந்த பில்லோட வருஷக் கணக்கு முடியுது. செலவழிக்காத இருப்பு அடுத்த வருஷத்துக்குப் போகாது. அடுத்த பில்லுல பூஜ்யத்துலேருந்துதான் ஆரம்பிக்கும்."

"அப்ப இந்த நூத்தி எம்பத்தஞ்சு?"

"காலாவதி. விதி அப்படித்தான். தகடு எவ்வளவு தயாரிச்சுதுன்னு உங்க போன்லயே காட்டுமே, அதையும் வச்சுப் பாருங்க. அது எங்களுக்கு வராது."

வெளியே மரப் பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தேன். தகடுகள் தயாரித்தது எழுநூற்று ஐந்து யூனிட். ஆறு மாதத்துக்கு முந்தைய பில் காலத்திலும் ஏறக்குறைய அதேதான், எழுநூறு. ஆனால் அப்போது வெளியே போனது முந்நூற்று எண்பது. அதாவது பகலில் வீடு நேரடியாகச் செலவழித்தது முந்நூற்று இருபது. இப்போது ஐந்நூற்று நாற்பத்தைந்து போயிருக்கிறது. வீடு எடுத்துக்கொண்டது நூற்று அறுபதுதான். இரவில் வாங்குகிற இம்போர்ட் மட்டும் அப்படியே இருந்தது, இரண்டு யூனிட் முன்னே பின்னே.

இரவு மாறவில்லை. பகல்தான் பாதியாகியிருக்கிறது. பகலில் மாடி பூட்டியிருக்கும். கீழே மாமாவையும், அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற அக்காவையும் தவிர வேறு யாரும் இல்லை.

குறைந்திருப்பது நூற்று அறுபது யூனிட். அறுபது நாளால் வகுத்தால் நாளுக்கு இரண்டரைக்குச் சற்று மேல். மிஷினின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டு எனக்கு மனப்பாடம், மாடிக்காரரோடு சண்டை போட்டுப் போட்டே மனப்பாடமானது. முந்நூற்று முப்பது வாட். எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டரைக்குச் சற்று மேல்.

ஆபீசுக்குப் போன் செய்து வரமாட்டேன் என்று சொன்னேனா, சொல்லவில்லையா என்பதுகூட நினைவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அந்த அக்காவை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று நிறுத்தியிருப்பாள், சம்பளத்தைச் சுளையாக வாங்கிக்கொண்டு என் மாமனாரைக் கொன்றுகொண்டிருக்கிறாள் என்று.

வீடு அமைதியாக இருந்தது. அந்த வீடு அப்படி அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. மிஷின் ஓடவில்லை, ஃபேன் ஓடவில்லை. மாமா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, ஒவ்வொரு மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது. மூக்குக் குழாய் ஒழுங்காகச் சுருட்டித் தலையணை மேல் வைக்கப்பட்டிருந்தது.

அக்கா கதவோரத்தில் எழுந்து நின்றாள். "நான் சொல்லிப் பாத்துட்டேம்மா. அய்யா கேக்க மாட்டேங்குறாரு. வெளிய சொன்னா உன்ன நிறுத்திருவேன்னாரு. நீங்க கெளம்புனதும் அணைக்கச் சொல்லுவாரு. நாலு மணிக்குப் போடச் சொல்லுவாரு" என்றாள்.

ஓடிப்போய் சுவிட்சைப் போட்டுக் குழாயை மாட்டினேன். மாமா என் கையை விலக்கப் பார்த்தார்.

"மணி நாலாகலயே" என்றார். மூச்சு வாங்கிவிட்டு, "வெயில் இன்னும் இருக்கு" என்றார்.

"என்ன மாமா பண்ணி வச்சிருக்கீங்க?"

"ராத்திரி போட்டுக்கிறேன்ல. பகல்ல நாம எடுக்காட்டி, அதெல்லாம் கணக்குல ஏறும்." மறுபடி மூச்சு. "அவன் கத்துறதும் குறையும். நீயும் எத்தன நாள் எனக்காக வாய் கொடுப்ப?"

நான் அழுதேன். அவர் மேல் கோபமாக வந்தது. மாடிக்காரர் மேல், செல்போன் தேய்க்கிற என் கணவர் மேல், நான்கு மாதமாக விரலில் கருவியை மாட்டி எண்ணை மட்டும் பார்த்த என் மேல், எல்லோர் மேலும் வந்தது.

"பில் பாக்கப் போனியாமே? சரியா இருந்துச்சா?"

"சரியாத்தான் இருக்கு மாமா."

"எவ்வளவு நிக்குது?"

"நூத்தி எம்பத்தஞ்சு."

மாமா சிரித்தார். "பெரியவன்கிட்ட சொல்லு" என்றார். அது காலாவதியாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று மாலையே மாடிக்குப் போய், படியில் நிறுத்தி வைத்து, மாடிக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலாவதி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. "நான் வாய்க்கு வந்ததப் பேசுவேன். அது அவருக்குத் தெரியாதா? அதுக்காக இப்படியா?" என்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு தினமும் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மிஷின் ஓடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னோம். முன்பே தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம், இப்போது இதயம் ரொம்பக் களைத்துவிட்டது என்றார். பத்து நாளில் மாமா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மிஷினை வாடகைக் கடைக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார். அது நின்ற இடத்தில் தரையில் நான்கு சக்கரத்தின் தடம் மட்டும் இருந்தது.

அடுத்த பில் வந்த அன்று மாடிக்காரர் இறங்கி வந்தார். பழக்கம் விடுமா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காலியான கட்டிலுக்கு எதிரில் நின்று படித்தார்.

"எக்ஸ்போர்ட் ஐந்நூத்தி நாப்பது. இம்போர்ட் வெறும் நூத்தித் தொண்ணூறு. இருப்பு முன்னூத்தி அம்பதுன்னு போட்டிருக்கான். இது தப்பு. பழைய இருப்ப விட்டுட்டான். அதையும் சேத்தா ஐந்நூத்தி முப்பத்தஞ்சு வரணும். அந்த நூத்தி எம்பத்தஞ்சு..."

அங்கே நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பில் சரிதான்" என்றேன். "வருஷக் கணக்கு முடிஞ்சிருச்சு. பழைய இருப்பு காலாவதி ஆயிடுச்சு. ஆபீஸ்ல அன்னைக்கே சொன்னாங்க."

அவர் கட்டிலைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லல."

பில்லை நான்காக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.