முற்றுப்புள்ளி வைத்த பிறகு

கல்லூரி நூலகத்தின் கீழ்த்தளத்தில், பழைய நாளிதழ்க் கட்டுகளுக்கு அடுத்து, கட்டுரை உதவி அறை இருந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வெளியே நடப்பவர்களின் கணுக்கால் மட்டும் தெரியும் ஒரு சன்னல். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மாணவர்கள் தங்கள் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு அங்கே வருவார்கள். அங்கே உட்காரும் டீச்சர் திருத்தித் தரமாட்டாள். திருத்தினால் அது அவள் எழுதியதாகிவிடும். பிழை இருக்கும் இடத்தில் பென்சிலை வைத்து, "இங்கே என்ன சொல்ல நினைத்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்பாள். வேலை அவ்வளவுதான்.

அவளுக்கு நாற்பது வயது. தனியாக இருந்தாள். கணவனைப் பிரிந்திருந்தாள்; அந்தப் பிரிவும் பழகிப்போயிருந்தது. ஊரில் இருந்த தங்கை பேசுவதை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் படங்களை மட்டும் அனுப்பத் தொடங்கியிருந்தாள். அந்த வெளிநாட்டு நகரத்தில் அவள் தமிழ் பேசியது பிரஷர் குக்கரோடுதான். "போதும் போதும், காது கேக்குது" என்று அதை அதட்டுவாள். சில சனிக்கிழமைகளில் தொண்டையிலிருந்து வெளியே வருவது அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான்.

ஒரு மதியம் நர்ஸ் ஒருவர் வந்தார். ஐம்பதை நெருங்கியவர். வேலை முடிந்து நேராக வந்திருந்ததால் சீருடைக்கு மேல் கோட்டு. ஆஸ்பத்திரியில் பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டுமென்று சொல்லிவிட்டார்களாம். அதற்காகக் கல்லூரியில் சேர்ந்திருந்தார். முதல் கட்டுரை திரும்பி வந்திருந்தது. ஓரத்தில் விரிவுரையாளர், 'வாக்கியம் எங்கே முடிகிறது?' என்று எழுதியிருந்தார்.

டீச்சர் முதல் பத்தியைப் படித்தாள். அரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம். வார்டுக்கு வந்து, கைகழுவி, இரவு நர்ஸிடம் விவரம் கேட்டு, சன்னலைத் திறந்து, மூச்சுத் திணறிய ஒரு நோயாளி அம்மாவைச் சாய்த்து உட்காரவைத்து, என்று ஒவ்வொன்றும் 'ஹேவிங் கம், ஹேவிங் வாஷ்ட்' எனக் காற்புள்ளியில் தொங்கிக்கொண்டே போயிற்று. அடியிலே இன்னொன்று: 'ஷீ டோல்ட் தட் வேர் இஸ் மை சன்.' அதற்கும் கீழே 'த யெஸ்டர்டே கம் டாக்டர்'.

டீச்சருக்குக் கண்ணில் பட்டது ஆங்கிலம், காதில் விழுந்தது வேறு. 'என் பையன் எங்கேன்னு கேட்டாங்க.' 'நேத்து வந்த டாக்டர்.' பக்கத்து வீட்டில் யாரோ தமிழில் பேசுவது சுவர் வழியாகக் கேட்பதுபோல் இருந்தது.

அறைக்குள் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்பது விதி. குரலைத் தாழ்த்தி, "நீங்க தமிழா?" என்றாள்.

நர்ஸ் நிமிர்ந்தார். "அடக் கடவுளே. எழுத்தைப் பாத்தா தெரியுது?"

"வாக்கியத்தைப் பாத்தா தெரியுது."

இருவரும் சிரித்தார்கள். அடுத்த செவ்வாய் முதல் டீச்சர் அவரை அக்கா என்று கூப்பிட்டாள்.

செவ்வாய்தோறும் அக்கா வந்தார். டீச்சர் விளக்கினாள். "தமிழ்ல வந்து, பாத்து, சொல்லின்னு எத்தனை வேணாலும் கோத்துக்கிட்டே போகலாம். கடைசியில ஒரு வினைமுற்று வந்து எல்லாத்தையும் தாங்கிக்கும். ஆங்கிலத்துல அது தாங்காது. யார் செஞ்சாங்க, என்ன செஞ்சாங்க, எதைச் செஞ்சாங்க. உடனே ஒரு புள்ளி."

"செஞ்சதை முன்னாடியே போட்டு உடைச்சுட்டா, மிச்சத்தை எவன் படிப்பான்?"

"படிப்பாங்கக்கா. அவங்களுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை."

"அதான் எங்க வார்டுல எல்லாரும் மணிய அடிச்சுக்கிட்டே இருக்காங்க."

அக்கா ஒவ்வொரு வாக்கியத்தையும் வெட்டி எடுத்து வருவார். "பாருங்க டீச்சர், கைமா பண்ணிட்டேன்." கடிகாரம் நேரம் முடிந்தது என்று காட்டிய பிறகும் எழுந்திருக்கமாட்டார். மகள் வேறு ஊரில் படிக்கிறாள், வீட்டுக்காரருக்கு மாறும் ஷிஃப்ட், வாயில் தமிழ் வருவதே அதிசயம் என்பார். "பரீட்சை முடியட்டும். ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. சும்மா உக்காந்து பேசுவோம்." எப்போது என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடும்போல் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை எதையும் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டாள்.

வினைச்சொல்லின் காலங்களை அவள் இன்னும் தொடவில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்தினால் ஆள் மிரண்டுபோகும். முதலில் நீளம், பிறகு சொல்வரிசை, பிறகு காலம் என்பது அவள் வழக்கம். அக்கா தேவையில்லாத இடத்திலும் 'ஹேட்' போடுவதைக் கவனித்திருந்தாள். கடைக்குப் போனதற்கும் 'ஹேட் கான்', சாப்பிட்டதற்கும் 'ஹேட் ஈட்டன்'. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

இரண்டாவது கட்டுரை, பணியில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றியது. தொடர்ந்து ஷிஃப்ட் இருந்ததால் அக்கா டீச்சரிடம் காட்டாமலே கொடுத்துவிட்டார். வலியில் துடித்த ஒரு பெரியவர், வலி ஊசி, மதியம் அவர் இறந்துபோனது. நல்ல குட்டிக் குட்டி வாக்கியங்கள். நடுவில் இப்படி ஒன்று: டாக்டர் வந்து கொடுக்கச் சொன்னபோது, 'ஐ ஹேட் கிவன் த இன்ஜெக்ஷன்.'

விரிவுரையாளர் அதை இரண்டு முறை படித்தார். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே பொருள்தான். டாக்டர் சொல்லும் முன்பே இவர் ஊசியைப் போட்டு முடித்துவிட்டார். உத்தரவில்லாமல் போட்ட வலி ஊசி, அன்றே இறந்த நோயாளி. படித்துவிட்டுச் சும்மா இருப்பது குற்றம் என்று அவர் ஆஸ்பத்திரிக்குத் தெரிவித்தார். அக்காவை வார்டு வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அக்கா வந்தபோது கோட்டுக்கு அடியில் சீருடை இல்லை.

"டாக்டர் சொன்னார், போட்டேன். அதைத்தானே எழுதியிருக்கேன்?"

டீச்சர் வாக்கியத்தைப் பார்த்தாள். "இதை மனசுல தமிழ்ல எப்படிச் சொல்லிக்கிட்டீங்க?"

"டாக்டர் சொன்னப்போ ஊசி போட்டேன்னு. முடிஞ்சுபோன கதை, அதான் 'ஹேட்' போட்டேன். 'போன வருஷம் போயிருந்தேன்'னு சொல்றதில்லையா?"

"தமிழ்ல போயிருந்தேன்னா போனேன், அவ்வளவுதான். ஆங்கிலத்துல அது வரிசையை மாத்திடும்க்கா. இன்னொண்ணு நடக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சதுன்னு ஆயிடும்."

அக்கா கட்டுரையைத் தம் பக்கம் திருப்பினார். "முன்ன மாதிரி நீட்டி எழுதியிருந்தா, டாக்டர் வந்து, பாத்து, சொல்லி, அதுக்கப்புறம் நான் போட்டேன்னு வரிசையா வந்திருக்கும். நீங்க வெட்டச் சொன்னீங்க. வெட்டினேன்."

டீச்சர் அவருடைய பழைய கட்டுரைகளையெல்லாம் எடுத்துவரச் சொன்னாள்.

விசாரணை கல்லூரியின் மேல்மாடியில் நடந்தது. ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ், விரிவுரையாளர், கல்லூரி அலுவலர் ஒருவர், அக்கா, டீச்சர். உத்தரவு வாய்மொழியாகச் சொல்லப்பட்டு, ஊசிக்குப் பிறகே எழுதப்பட்டதால், எது முதலில் என்பதற்குப் பதிவு இல்லை. அந்த டாக்டர் வேறு வேலைக்குப் போய்விட்டார். கேட்டதற்கு நினைவில்லை என்றார். ஆக, அந்த ஒரு வாக்கியத்தை எப்படிப் படிப்பது என்பதில்தான் எல்லாம் நின்றது.

பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில். அக்காவின் அனுமதியோடு டீச்சர் அவருடைய எல்லாக் கட்டுரைகளையும் எடுத்துவந்திருந்தாள். மேசையில் பரப்பி, ஒவ்வொரு 'ஹேட்'டாகக் காட்டினாள். இங்கே பேருந்தில் ஏறியது. இங்கே மழை பெய்தது. இங்கே மகள் பிறந்தது. எதற்குமே முன்பின் கிடையாது, வெறும் இறந்தகாலம். தமிழில் 'இருந்தேன்' என்று முடியும் வடிவம் அப்படிச் சாதாரணமாகப் புழங்கும் என்றாள்.

"அப்படியானால், உண்மையிலேயே முன்னால் நடந்த ஒன்றை இவர் எப்படி எழுதுகிறார்?" என்று விரிவுரையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் முகத்தில் பகை இல்லை.

டீச்சர் அதையும் தேடி வைத்திருந்தாள். "'இந்த நாட்டுக்கு வருவதற்கு முன் படித்தேன்.' இங்கே 'ஹேட்' இல்லை. 'டாக்டர் பார்ப்பதற்கு முன் காய்ச்சலை அளந்தேன்.' இங்கேயும் இல்லை. முன் என்ற சொல்லே வரிசையைச் சொல்லிவிடுவதால் வினையை மாற்றமாட்டார். ஊசியை முதலில் போட்டிருந்தால், 'டாக்டர் சொல்வதற்கு முன்' என்றுதான் எழுதியிருப்பார்."

விரிவுரையாளர் தாள்களைத் தம் பக்கம் இழுத்துப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். "நான் தவறாகப் படித்துவிட்டேன்."

தலைமை நர்ஸ் மட்டும் இன்னும் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால், நோயாளிகளின் குறிப்புகளையும் இவர் இத்தனை வருடங்களாக இப்படித்தான் எழுதிவருகிறாரா?"

அக்கா தம் கைகளைப் பார்த்தார்.

குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அக்கா மறுநாளே வார்டுக்குத் திரும்பலாம். ஆனால் கல்லூரியின் ஆங்கிலத் தேர்வில் தேறும்வரை அவர் எழுதும் குறிப்பையெல்லாம் வேறொரு நர்ஸ் படித்துக் கையெழுத்திட வேண்டும்.

நடைவழியில் டீச்சர் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள். "அக்கா."

அக்கா கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார். "காப்பாத்துனீங்க. இல்லேன்னு சொல்லலை. நான் அவ்வளவு நன்றி கெட்டவ இல்லை." கடைசிப் பொத்தான் மாட்டவில்லை. "ஆனா நாளைக்கு நான் எழுதறதுல கையெழுத்து போடப்போறது, நேத்து வரைக்கும் நான் வேலை கத்துக்குடுத்த பொண்ணு. பேருந்து, மழை, மக பொறந்ததுன்னு ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டுனீங்களே. எனக்குப் புடவையை உருவின மாதிரி இருந்துச்சு."

"வேற வழி தெரியலைக்கா."

"எனக்கும் தெரியலை."

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அவருக்கான நேரத்தை டீச்சர் வேறு யாருக்கும் கொடுக்காமல் சில வாரம் வைத்திருந்தாள். பிறகு அலுவலகம் அதை ஒரு பொறியியல் மாணவனுக்கு ஒதுக்கியது. அவனுடைய மொழியில் வினை நடுவில் வரும்; அவனுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அவன் எழுத்தில் அவளுக்கு எதுவும் கேட்கவும் இல்லை.

ஒருமுறை அக்காவின் எண்ணைக் கைபேசியில் எடுத்தாள். என்ன எழுதுவது? 'எப்படி இருக்கீங்க' என்று அடித்து, அழித்து, தங்கைக்கு ஒரு பூப்படம் அனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

குளிர் விலகத் தொடங்கியிருந்த ஒரு மாலை, பேருந்து நிறுத்தத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். கோட்டுக்கு அடியில் சீருடை. டீச்சரைப் பார்த்ததும் ஒரு கணம் சாலையைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் பேசினார். தேர்வில் தேறிவிட்டேன். இப்போது என் குறிப்புகளை யாரும் பார்ப்பதில்லை. மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஒவ்வொன்றும் பிழையில்லாத, சின்ன, முடிந்துவிட்ட வாக்கியம்.

"ரொம்ப சந்தோஷம்க்கா" என்றாள் டீச்சர் தமிழில். "மக வந்திருக்கான்னா வீடு கலகலன்னு இருக்குமே."

அக்கா அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வருவதுபோல் உதடு அசைந்தது. டீச்சர் காத்திருந்தாள், காத்திருப்பது அவளுக்குத் தெரிந்த கலைதான்.

"பஸ் வந்துருச்சு" என்றார் அக்கா. தமிழில்தான். குரல் மென்மையாகத்தான் இருந்தது. டீச்சரின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு ஏறிக்கொண்டார்.

டீச்சருக்கும் அதே பஸ்தான். அவள் அடுத்ததற்காக நின்றாள்.