இரண்டு பாஷையில் ஓர் இல்லை

தாணுமாலயன் நான்காவது தடவையாகக் கடன் கேட்டபோது ஜெயலக்ஷ்மிக்குக் கோபம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. கூடப் பிறந்த ஒரே தம்பி. சாலை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். மனைவி ஸ்வப்னாவின் நகையைக் கடைக்காக வங்கியில் வைத்திருக்கிறானாம், தவணை முடிகிறதாம், அவள் தினமும் அழுகிறாளாம். அக்கா மனசு வைத்தால் மீட்டுவிடலாமாம். முன்பு கொடுத்ததே திரும்பவில்லை. அதைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை, இவளும் விடவில்லை.

பணம் இல்லாமல் இல்லை. மகள் அஞ்சுவின் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம் அது. அதே கல்யாணத்துக்குத் தம்பியும் வேண்டும். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணவறைக்குப் போவதாவது? முகத்தில் அடித்தாற்போல் மறுத்தால் வீம்புக்காரன் வராமலே இருந்துவிடுவான். அதனால் ஒவ்வொரு முறையும் ‘பார்க்கலாம்’ என்று மழுப்பினாள்.

மழுப்பலுக்கும் பலன் கிடைத்தது. கரமனையில் காய்கறி வாங்கும் இடத்தில் முத்தாரம்மாள் சித்தி அவளைப் பிடித்து நிறுத்தி, உன் மனசு கல்லாம், ஸ்வப்னா சொல்கிறாள் என்றாள். ஜெயலக்ஷ்மிக்குச் சுருக்கென்றது. தான் சொல்வது ஒன்று, தம்பி வீட்டில் போய்ச் சொல்வது வேறொன்று என்று நினைத்துக்கொண்டாள். சரி, இனி நடுவில் ஆள் வேண்டாம். இருவரும் ஒரே சொல்லைப் படிக்கட்டும்.

ஸ்வப்னா நெடுமங்காட்டு மலையாளப் பெண். தமிழ் புரியும், படிக்கத் தெரியாது. ஜெயலக்ஷ்மி படித்ததெல்லாம் மலையாளப் பள்ளியில். ஆகவே மூன்று பேரும் இருந்த வாட்ஸாப் குழுவில், மேலே தமிழிலும் கீழே அதையே மலையாளத்திலும் எழுதினாள். ஒரு ஞாயிறு முழுக்க அடித்து அடித்துத் திருத்தினாள்.

“தாணு, ஸ்வப்னா, ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று உங்களைக் காக்க வைத்தது என் தப்பு. என்னால் ரூபாய் தர முடியாது. இப்போதும் முடியாது, பிறகும் முடியாது. இனி கேட்க வேண்டாம். முன்பு கொடுத்ததை நான் திருப்பிக் கேட்க மாட்டேன், அது உங்களுக்கே இருக்கட்டும். கடைக்காக வங்கியில் வைத்த ஸ்வப்னாவின் நகைக்கு வட்டியைக் கட்டிப் புதுப்பித்தால் ஏலத்துக்குப் போகாது. நான் லீவு போட்டுக் கூட வருகிறேன், மேனேஜரிடம் பேசலாம். அஞ்சு கல்யாணத்தில் தாய்மாமன், மாமி இடம் உங்களுடையது. வெறுங்கையோடு வாருங்கள், நீங்கள் வந்தால் போதும்.”

மலையாளத்தில் முடிவில் ஒரு வரி கூடுதலாக வந்து விழுந்தது: “காசு தரான் பற்றில்லா, பக்ஷே ஞங்ஙள் கூடெயுண்டு.” பணம் தர முடியாது, ஆனால் நாங்கள் கூட இருக்கிறோம். அனுப்பிவிட்டு, உறவும் பிழைத்தது பணமும் பிழைத்தது என்று நிம்மதியாகக் காப்பி போட்டாள். பாவம்.

காப்பி ஆறுவதற்குள் ஸ்வப்னா கூப்பிட்டாள். குரலில் அழுகை இல்லை.

“சேச்சீ, என்டெ ஸ்வர்ணம் சேச்சியுடெ கையிலல்லே?”

தன் நகை அக்காவின் கையில்தானே இருக்கிறது என்கிறாள். ஜெயலக்ஷ்மிக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்வப்னா நிதானமாகச் சொன்னாள். அஞ்சுவின் படிப்புச் செலவுக்கு அக்கா கேட்டாள் என்று சொல்லித்தான் இரண்டு வருஷம் முன்பு அவன் நகையை வாங்கிப் போனான். கேட்கும்போதெல்லாம், அக்காவிடம் கேட்டேன், திருப்பித் தர மனமில்லை என்பான். வங்கி என்ற சொல்லையே அவள் இன்றுதான் பார்க்கிறாள்.

இரண்டு வருஷமாக, தான் அங்கே போனால் ஸ்வப்னா சாயாவை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவது ஜெயலக்ஷ்மியின் நினைவுக்கு வந்தது. கூச்சம் என்று எண்ணியிருந்தாள். திருடியின் முன்னால் யார் உட்கார்வார்கள்? தம்பிக்காகப் பொய் சொல்லக்கூட வழியில்லை, எல்லாம் தன் கையாலேயே எழுதியாகிவிட்டது. “உன் பொன்னு என்கிட்ட வந்ததே இல்ல மோளே” என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரமே ஸ்வப்னா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நெடுமங்காட்டுக்குப் போய்விட்டாள். ஜெயலக்ஷ்மி போய்க் கூப்பிட்டும் அவள் வரவில்லை. சாயா கொடுத்து, முதல் தடவையாகப் பக்கத்தில் உட்கார்ந்து, சேச்சி மேல் எனக்கு ஒன்றுமில்லை என்றாள்.

கல்யாணத்துக்குத் தாணுமாலயன் வந்தான். எழுதியிருந்தபடியே வெறுங்கையோடு, தனியாக வந்தான். மாலை எடுத்துக் கொடுத்தான், அஞ்சுவின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போனான், ஒரு குறையும் வைக்கவில்லை. மாமி நிற்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. அக்காவின் முகத்தை மட்டும் அவன் பார்க்கவே இல்லை.

பந்தி முடிந்து கிளம்பும்போது, பிள்ளைகளுக்கென்று கட்டி வைத்த பாயசத் தூக்கை அவள் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

“நீ ரூவா தரலேங்கிறதுக்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்லக்கா. இல்லேன்னு தமிழ்ல மட்டும் சொல்லியிருக்கலாம்லா?”

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான். தூக்கு அவள் கையிலேயே சூடாக இருந்தது.