கட்டைவிரல் மறைத்த வரிகள்

போட்டோ எடுக்கத் தெரியாதவர்கள் கையில் போனைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தால் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன். மொழிபெயர்க்க என் மேசைக்கு வரும் பத்திரங்களில் பாதி கோணலாக இருக்கும். மீதியில் நிழல் விழுந்திருக்கும். சித்தப்பா வெளிநாட்டிலிருந்து அனுப்பியிருந்த சேமநிதிக் கணக்கில் இரண்டும் இருந்தன. போதாததற்கு, தாளின் அடிப்பாகத்தில் அவருடைய கட்டைவிரல் குந்தியிருந்தது.

"இன்னிக்கு நாலு மணிக்குள்ள பேங்க்ல கொடுக்கணும்," என்றாள் சித்தி. "இல்லைன்னா அந்த ஃப்ளாட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்களாம்."

சித்தப்பா அடுத்த மாதம் ஓய்வுபெற்று வருகிறார். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீட்டிலேயே காலத்தை ஓட்டிய சித்தி, அவர் வந்து இறங்கும்போது சொந்த வீட்டுச் சாவியைக் கையில் கொடுக்க வேண்டும் என்று நகையை வைத்து முன்பணம் கட்டியிருந்தாள். மீதிக்கு வங்கி கடன் தரும். ஆனால் வரப்போகும் பணத்துக்கு அத்தாட்சி வேண்டும், அதுவும் முத்திரை போட்ட மொழிபெயர்ப்பாக. அந்த முத்திரை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

"கீழ்ப்பக்கம் மறைஞ்சிருக்கே சித்தி. முழுசா ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க."

"காலையிலேயே கேட்டேன். பேப்பரை ஆபீஸ்ல வாங்கி வச்சுக்கிட்டாங்களாம். நீ இருக்கறதை அடி."

எரிச்சலை விழுங்கிக்கொண்டு ஆரம்பித்தேன். தேதி ஒரு பத்தி. 'ஏ.என்.' என்பது ஊழியர் சம்பளத்தில் பிடித்த பங்கு. 'பி.எஸ்.' முதலாளி போடும் பங்கு. அடுத்தது வட்டி. அடுத்து, பணம் எதற்காக எடுக்கப்பட்டது என்று காட்டும் குறியீட்டுக்கு ஒரு குறுகிய பத்தி. கடைசியில் இருப்பு. எல்லாத் தலைப்பும் எனக்குப் பழக்கமானவைதான். அங்கே உழைத்துவிட்டுத் திரும்பிய எத்தனையோ பேரின் கணக்கு என் கைவழியாகப் போயிருக்கிறது.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வரியையும் தட்டச்சு செய்தபடியே உரக்கத் தமிழில் சொல்வேன். எதிரில் இருப்பவர் தேதியோ ஊர்ப் பெயரோ தப்பாக இருந்தால் அங்கேயே பிடித்துவிடுவார். இந்த வழக்கத்தால் என் முத்திரை பட்ட ஒரு தாளும் இதுவரை திரும்பி வந்ததில்லை. அன்றைக்கு அதே வழக்கம் காலை வாரிவிட்டது.

"ஊழியர் பங்கு, முதலாளி பங்கு, இருப்பு. அடுத்த மாசம், ஊழியர் பங்கு, முதலாளி பங்கு, இருப்பு. அடுத்தது, கே ஏழு, எடுப்பு..."

வாய் முந்திக்கொண்டது. கண் அப்புறம்தான் அந்த வரியைப் பார்த்தது. இருப்பில் பாதி போயிருந்தது.

"எடுப்புன்னா?"

"இருங்க சித்தி."

"எடுப்புன்னா என்னன்னு கேட்டேன்."

"நிதியிலேர்ந்து பணம் எடுத்திருக்கார்."

அடுத்த பக்கத்தில் இன்னொரு கே ஏழு. அதை நான் வாசிக்கவில்லை. ஆனால் சித்தி எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். எண்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. கடைசி இருப்பை அவள் விரல் வைத்துப் பார்த்தாள். சித்தப்பா வாயால் சொல்லியிருந்த தொகையில் பாதிகூட அங்கே இல்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"பணத்தை எடுத்தீங்களா?"

மறுபக்கம் ஏதோ இயந்திரச் சத்தம். அது தள்ளிப்போனது. கதவு சாத்தும் ஓசை.

"யார் சொன்னது?"

"உங்க கணக்கு சொல்லுது. யாருக்குக் கொடுத்தீங்க?"

"ஒரு... கூட வேலை செய்யறவன். கஷ்டம்னு வந்து நின்னான். திருப்பித் தந்துடுவான்."

"பேரு?"

அவருக்கு ஒரு பேர்கூட வாயில் வரவில்லை. பொய் சொல்லவாவது ஒரு சாமர்த்தியம் வேண்டாமா என்று எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

"பேரு இல்லாத ஆளுக்கு என் வீட்டைத் தூக்கிக் கொடுத்திருக்கீங்க," என்றாள் சித்தி. குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "பொண்ணு கல்யாணத்துக்கு லீவு கிடைக்கலைன்னு சொன்னீங்க. தாரை வார்க்கக்கூட அண்ணன்தான் நின்னார். அப்பவே எல்லாரும் காதைக் கடிச்சாங்க, அங்க வேற குடும்பம் இருக்கும்னு. நான்தான் சண்டை போட்டு வாயை அடைச்சேன். நீங்க வர வேணாம். அந்தப் பேரு இல்லாத ஆள் வீட்டுலயே இருங்க."

துண்டித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. குறியீட்டுக்கு விளக்கம் எப்போதும் தாளின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். சித்தப்பாவின் கட்டைவிரல் சரியாக அங்கேதான் உட்கார்ந்திருந்தது. 'நகலில் தெரியவில்லை' என்று அடித்துவிட்டு என் பாட்டுக்கு முத்திரை குத்தலாம். தொழில் அதை அனுமதிக்கிறது. மனசு அனுமதிக்கவில்லை. அந்த நிதியின் இணையதளத்தில் குறியீட்டுப் பட்டியலைத் தேடினேன்.

கே இரண்டு, வீடு. கே ஐந்து, பிள்ளைகள் படிப்பு. கே ஏழுக்கு வந்ததும் என் வாய் தானாகப் பூட்டிக்கொண்டது.

மறுபடி கணக்குக்குத் திரும்பினேன். முதல் கே ஏழுக்குப் பிறகு வந்த மாதங்களில் ஊழியர் பங்கும் இல்லை, முதலாளி பங்கும் இல்லை. வட்டி மட்டும் விழுந்திருந்தது. சம்பளம் இருந்தால்தான் பங்கு பிடிப்பார்கள். அப்படியென்றால் அத்தனை மாதமும் சித்தப்பா வேலைக்கே போகவில்லை. கல்யாணத் தேதி அந்த வெற்று வரிகளுக்கு நடுவில் இருந்தது.

"என்ன வாயை மூடிக்கிட்டே?" என்றாள் சித்தி. "வாசி."

"சித்தி, இதை நீங்க சித்தப்பாகிட்டயே..."

"அவர் சொன்னதைக் கேட்டாச்சு. நீ வாசி."

நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. வாசித்தேன்.

"கே ஏழு. உறுப்பினரின் சொந்தக் கடும் நோய், அறுவைச் சிகிச்சைச் செலவு. மருத்துவர் சான்றின் பேரில் மட்டும் வழங்கப்படும்."

"சொந்தம்னா?"

"அவருக்கே."

வெற்று மாதங்களையும் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கல்யாண மாதம் வந்ததும் அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது. கைப்பை மடியிலிருந்து நழுவி விழுந்தது. நான்தான் எடுத்து வைத்தேன்.

மறுபடி அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. அந்தப் பணம் வந்துடும், நான் எப்படியாவது..."

"எங்க அறுத்தாங்க?"

மறுபடி கதவு சாத்தும் ஓசை.

"நெஞ்சுல," என்றார். "இப்ப ஒண்ணுமில்ல. நல்லா இருக்கேன். கல்யாண வேலையில இருந்தீங்க. சொன்னா நிறுத்தியிருப்பீங்க. ரெண்டாவது தடவையும் சின்னதுதான்."

"பக்கத்துல யார் இருந்தா?"

"ஆஸ்பத்திரியில நர்சுங்க இருந்தாங்க."

"நம்ம ஆளு யாரு இருந்தா?"

"யாருமில்ல."

சித்தி ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவர் ஏதோ சொல்லிக்கொண்டே போவது கொசுச் சத்தமாகக் கேட்டது. அப்போதுதான் அவள் அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது. பொய் சொல்லத் தெரியாத அந்த மனிதரைப் போய்க் காய்ந்தேனே என்று இருந்தது.

முடித்த தாள்களை அச்செடுத்து முத்திரை குத்தி அவள் முன்னால் வைத்தேன். "இன்னும் நேரம் இருக்கு சித்தி. குறைஞ்ச தொகைக்காவது பேங்க்ல கேட்டுப் பார்க்கலாம்."

அவள் அதைத் தொடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேலையில கடைசி நாள் வரைக்கும் அவர் அங்க இருந்துதான் ஆகணுமாம். பொண்டாட்டி அங்க போய் இருக்கணும்னா கல்யாண சர்டிபிகேட்டை அந்த பாஷையில கேப்பாங்கன்னு நீதானே ஒரு தடவை சொன்னே?"

"ஆமா."

"வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வரேன். இன்னிக்கே அடிச்சுக் கொடுத்துடு."